ஏஐ எழுதியதாகச் சந்தேகிக்கப்பட்ட மாணவிக்கு ட்யூட்டர் என்ன செய்யலாம்?

"அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ரைட்டிங் சென்டரில் இந்த செமஸ்டர்தான் ட்யூட்டராகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு மாணவியின் கட்டுரையை டர்னிட்டின் என்கிற மென்பொருள் 'ஏஐ எழுதியது' என்று ஃப்ளாக் செய்துவிட்டது. தானே எழுதியதாகச் சொல்கிறாள். ஆனால் இப்போது ஒரு வரி எழுதவே பயமாக இருக்கிறது என்கிறாள். அவளுக்கு நம்பிக்கை திரும்பவும், அவளுடைய நிஜமான திறமை பேராசிரியருக்குத் தெரியவும் நான் என்ன செய்ய முடியும்?"

மாணவர்களின் எழுத்துக்கு உதவும் ஒரு ரைட்டிங் சென்டரில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். 2023 ஏப்ரலில் டர்னிட்டின் ஏஐ கண்டுபிடிக்கும் வசதியைச் சேர்த்ததிலிருந்து இப்படி வருகிற மாணவர்களோடு நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அதில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: எழுதும்போது அந்த மாணவி எடுத்த முடிவுகளை அவள் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். ஏன் இந்த உதாரணம், ஏன் இந்த வரிசை, எதை எழுதிவிட்டு அழித்தாள் என்பதையெல்லாம் சொல்லச் சொல்லத்தான் "இதை நான்தான் எழுதினேன்" என்கிற உறுதி அவளுக்குத் திரும்பும். பேராசிரியர் முன்னால் வைக்கக்கூடிய வலுவான ஆதாரமும் அந்தப் பேச்சிலிருந்துதான் கிடைக்கும். திரையில் வந்த எண்ணோடு மல்லுக்கு நின்றால் இரண்டுமே கைக்கு வராது.

ஒரு மாணவியோடு உட்கார்ந்த மூன்று அமர்வுகளைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நர்ஸிங் இரண்டாம் வருடம், நேபாளத்திலிருந்து பதினாறு வயதில் குடும்பத்தோடு வந்தவள். பகலில் வகுப்பு, வாரத்தில் மூன்று இரவு ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் உதவியாளர் வேலை. வயதான நோயாளிகள் கீழே விழுவதைத் தடுப்பது பற்றி 1,400 வார்த்தையில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். டர்னிட்டின் 74 சதவீதம் காட்டியது. எட்டு நாள் கழித்து நேரில் வரும்படி பேராசிரியரிடமிருந்து ஈமெயில் வந்திருந்தது.

உள்ளே வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, "எங்கே தப்பு செய்திருக்கிறேன் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். இந்த இடத்தில் புது ட்யூட்டர்கள் இரண்டு விதமாகத் தடுக்கி விழுவார்கள். ஒருவர் தயங்கித் தயங்கி, "நிஜமாகவே நீதான் எழுதினாயா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியோடு அவளுக்கு நீங்களும் விசாரிக்கிற ஆளாகிவிடுவீர்கள். இன்னொருவர், "கவலைப்படாதே, ஒன்றும் ஆகாது, நான் நம்புகிறேன்" என்பார். ஒன்றும் ஆகாது என்று சொல்ல நமக்கு அதிகாரம் கிடையாது. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நம் பேச்சுக்கும் மதிப்பு போய்விடும்.

நான் அவளிடம் சொன்னது இரண்டே விஷயம். "நான் நீதிபதியும் இல்லை, உன் வக்கீலும் இல்லை. இந்தக் கட்டுரையை எப்படி எழுதினாய் என்று நீ சொல்லு, அதைத் தெளிவாகச் சொல்ல நான் உதவுகிறேன். இங்கே பேசுவது உன் சம்மதமில்லாமல் உன் பேராசிரியருக்குப் போகாது." கடைசி வரியைச் சொல்வதற்கு முன்னால் உங்கள் சென்டரின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் ட்யூட்டர் எழுதும் அமர்வுக் குறிப்பு பேராசிரியருக்குத் தானாகவே போகும்படி வைத்திருப்பார்கள். அப்படியிருந்தால் அதை முதல் நிமிடத்திலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் ஈமெயிலைச் சேர்ந்து படித்தோம். பயத்தில் இருக்கிறவர்கள் அந்த ஈமெயிலை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். சிவப்பாகத் தெரிகிற ஒரு வாக்கியம் மட்டும் மனசில் ஒட்டியிருக்கும். எங்கள் மாணவி, "என்னை நிறுத்தப் போகிறார்கள்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈமெயிலில் இருந்தது வேறு: "இந்தக் கட்டுரையை எழுதிய விதம் பற்றிப் பேச வேண்டும், வரைவுகள் இருந்தால் கொண்டு வா." அதாவது முறையான புகார் இன்னும் போகவில்லை. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். புகார் போயிருந்தால் எத்தனை நாளுக்குள் பதில் தரவேண்டும், யார் கூட வரலாம் என்பதற்கெல்லாம் தனி நடைமுறை உண்டு. அதற்கு மாணவர்களுக்கு உதவும் அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். ட்யூட்டர் அதில் ஆலோசனை சொல்லக் கூடாது.

எண்ணைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசினேன். 74 சதவீதம் என்றால், தான் ஏமாற்றியதற்கு 74 சதவீத வாய்ப்பு என்று அவள் புரிந்துகொண்டிருந்தாள். பல பேராசிரியர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கட்டுரையில் உள்ள உரைநடையில் எவ்வளவு பங்கு ஏஐ எழுதியது போல இருக்கிறது என்று அந்த மென்பொருள் போடும் கணக்கு அது. அதைத் தண்டனைக்கு ஒரே ஆதாரமாக வைக்கக் கூடாது என்று டர்னிட்டின் நிறுவனமே சொல்கிறது. 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் எண்ணைக் காட்டாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் போடுகிறார்கள், ஏனென்றால் அந்த அளவில் தப்பு அதிகம். இன்னொன்று, அந்த ரிப்போர்ட் வழக்கமாக ஆசிரியர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். எந்த வாக்கியங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் அவள்தான் கேட்டு வாங்க வேண்டும். மரியாதையாக இரண்டு வரியில் ஈமெயில் எழுதிக் கேட்டாள். மறுநாள் வந்துவிட்டது.

அடுத்தது, உடனே செய்ய வேண்டியது: ஃபைலைத் தொடாமல் காப்பாற்றுவது. பயத்தில் மாணவர்கள் செய்யும் மோசமான காரியம், அந்தக் கட்டுரையையே திறந்து "மனுஷன் எழுதினது மாதிரி" திருத்த ஆரம்பிப்பது. சிலர் இலவச ஏஐ டிடெக்டர்களில் போட்டுப் பார்ப்பார்கள், சிலர் வாக்கியத்தை மாற்றித்தரும் தளங்களில் போடுவார்கள். அப்படி மாற்றித்தருவதே ஏஐதான், அதுவரை இல்லாத குற்றம் அங்கேதான் உண்டாகும். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் `File > Version history > See version history` என்ற இடத்தில் பழைய வடிவங்கள் இருக்கும். மூல ஃபைலில்தான் இருக்கும். `Make a copy` கொடுத்தால் நகலுக்குப் புது வரலாறுதான் தொடங்கும். வேர்டில் எழுதியிருந்தால், ஒன்டிரைவில் சேமித்து ஆட்டோசேவ் போட்டிருந்தால்தான் இப்படிப்பட்ட வரலாறு கிடைக்கும். அது இல்லாதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு வேறு தடயங்களைத் தேட வேண்டும், அதற்கு வருகிறேன்.

எங்கள் மாணவி கூகுள் டாக்ஸில்தான் எழுதியிருந்தாள். மவுஸை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். இதில் ஒரு காரணம் இருக்கிறது. நாம் தேடினால் அது சோதனை போடுவது மாதிரி இருக்கும். அவள் தேடினால் தன் வேலையை அவளே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பதினோரு நாளில் நான்கு இரவு, எல்லாம் பதினொன்றரை மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில். ஒரு பத்தியை மூன்று தடவை இடம் மாற்றியிருந்தாள். முடிவுரையை முழுசாக அழித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தாள். அதைப் பார்த்து, "ஆமாம், அன்றைக்கு ரொம்பக் கோபமாக இருந்தேன்" என்று சிரித்தாள். அந்த அறைக்குள் வந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

ஆனால் அதே வரலாற்றில் அவளுக்குச் சாதகமில்லாத இரண்டு இடங்களும் இருந்தன. முன்னுரை 260 வார்த்தை, ஒரே நொடியில் மொத்தமாக வந்து விழுந்திருந்தது. கேட்டால், பஸ்ஸில் போனில் நோட்ஸில் அடித்ததாகச் சொன்னாள். போனை எடுத்துப் பார்த்தோம், இருந்தது. திறந்து எதையும் தொடாமல், தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுக்கச் சொன்னேன். இரண்டாவது இடம் கொஞ்சம் சிக்கல். நடுவில் இரண்டு பத்திகள் கடைசி இரவில் திடீரென்று உருமாறியிருந்தன. பழைய வாக்கியம் போய், அதே அர்த்தத்தில் வழவழப்பான வேறு வாக்கியம் வந்திருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கிராமர்லியில் மாற்றி எழுதும் பட்டனை அழுத்தினேன், எழுத்துப்பிழை பார்க்கிற மாதிரிதானே அது?" என்றாள்.

இந்த இடத்தில்தான் ட்யூட்டர் நிதானமாக இருக்க வேண்டும். எழுத்துப்பிழை திருத்துவதும் வாக்கியத்தையே மாற்றி எழுதுவதும் ஒன்றில்லை. அது அவளுக்குத் தெரியாமலிருந்தது நிஜம்தான். ஆனாலும் நடந்தது நடந்ததுதான். சிலபஸை எடுத்துப் பார்த்தோம். "ஏஐ கருவிகள் கூடாது" என்று மட்டும் இருந்தது, இலக்கணக் கருவி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இதை மறைக்க நான் உதவ மாட்டேன் என்றும், பேராசிரியர் கேட்பதற்கு முன்னால் அவளே சொல்வதுதான் அவளுக்கு நல்லது என்றும் சொன்னேன். பயந்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும்போது முகம் தெளிவாக இருந்தது. மனசில் இருந்த முள் வெளியே வந்துவிட்டதே!

இரண்டாவது அமர்வு இரண்டு நாள் கழித்து. லேப்டாப்பை மூடிவைக்கச் சொன்னேன். கட்டுரையின் அச்சுப் பிரதி ஒன்று, அவள் கையில் ஒரு பேனா, அவ்வளவுதான். ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டோம். நோயாளி விழுவாரா என்று கணிக்க நர்ஸ்கள் மோர்ஸ் அளவுகோல் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஏற்கனவே விழுந்திருக்கிறாரா, நடை எப்படி, கைத்தடி உண்டா, சலைன் ஏறுகிறதா என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 45 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம் என்று பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய பத்தி, அந்த அளவுகோல் பயனுள்ளது ஆனால் அதற்கு வரம்புகள் உண்டு என்று பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டு போனது. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய பத்தி.

"இதில் வரம்பு என்று சொல்கிறாயே, என்ன வரம்பு?" என்று கேட்டேன்.

"அளவு எடுக்கிற நேரத்தில் நோயாளி எப்படி இருக்கிறாரோ அதுதான் தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு எப்படி இருப்பார் என்று தெரியாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் வேலை செய்யும் இல்லத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. கணக்குப்படி பெரிய ஆபத்து இல்லை, 45க்குக் கீழேதான். நடை நன்றாக இருக்கும், புத்தி தெளிவு. ஆனால் ராத்திரியில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் பெல்லை அழுத்த மாட்டாராம். "பிள்ளைகள் தூங்கட்டும், எதற்குத் தொந்தரவு" என்று இருட்டில் தானே எழுந்து போவார். விழுந்தும்விட்டார். "சங்கோஜத்துக்கு அந்தப் படிவத்தில் மதிப்பெண் இல்லை" என்றாள் எங்கள் மாணவி.

நான் பேனாவைக் காட்டி, அதை ஓரத்தில் எழுதச் சொன்னேன். நான் எழுதிக்கொடுக்கவில்லை, திருத்தவும் இல்லை. "இதை ஏன் கட்டுரையில் போடவில்லை?" என்று மட்டும் கேட்டேன். கல்லூரிக் கட்டுரையில் "நான்" வரக் கூடாது, சொந்த அனுபவம் ஆதாரமாகாது என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்களாம். முதல் வரைவில் இருந்திருக்கிறது. வரலாற்றில் போய்ப் பார்த்தால், மூன்றாவது இரவில் நான்கு வரி எழுதி அழித்தது அப்படியே இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இவள் ஏன் மாட்டினாள் என்பதற்கான காரணமே இங்கேதான் இருக்கிறது. டிடெக்டர்கள் பலவும், அடுத்து வரும் வார்த்தை எவ்வளவு எளிதாக ஊகிக்கக்கூடியதாக இருக்கிறது என்பதைப் பார்க்கின்றன. எல்லாமே எதிர்பார்த்த வார்த்தைகளாக இருந்தால் மெஷின் என்கின்றன. இரண்டாம் மொழியில் எழுதுகிறவர்கள், தவறு வந்துவிடக் கூடாது என்று தெரிந்த, பழகிய வார்த்தைகளுக்குள்ளேயே நிற்பார்கள். 2023இல் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்கிற ஆங்கிலத் தேர்வுக்குத் தாங்களே எழுதிய 91 கட்டுரைகளை ஏழு டிடெக்டர்களில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்துக்கு மேல் ஏஐ என்று வந்தது. 89 கட்டுரைகளை ஏதாவது ஒரு டிடெக்டராவது தப்பாகக் குறித்தது. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் கிட்டத்தட்டத் தப்பே வரவில்லை. அந்த ஏழில் டர்னிட்டின் கிடையாது, அதனால் இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் போகக் கூடாது. ஆனால் என்ன நடக்கிறது என்று மாணவிக்குப் புரியவைக்க இது போதும். நோட்ஸை மனப்பாடம் செய்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதி வளர்ந்த நமக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. "முக்கியப் பங்கு வகிக்கிறது" என்று எழுதினால்தான் மார்க் என்று கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் நாம். அவளும் அதே மாதிரி ஒரு பள்ளியிலிருந்து வந்தவள்தான்.

அதனால் இந்த அமர்வில் அவளுக்கு நான் காட்ட விரும்பியது ஒன்றே ஒன்று: கட்டுரையில் ஃப்ளாக் ஆகியிருந்த இடங்களில் பெரும்பாலானவை, அவள் தன்னையே துடைத்து எடுத்துவிட்ட இடங்கள். ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அது அவளுக்கே தெரிந்தது. படுக்கையின் உயரம், இரவில் அணைத்துவைக்கும் வராண்டா விளக்கு என்று தன் வேலையிலிருந்து எழுதிய பத்தியில் ஒரு வரிகூடக் குறிக்கப்படவில்லை. இதை ஒரு விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சொந்த அனுபவம் எழுதியும் மாட்டியவர்கள் உண்டு. ஆனால் அன்றைக்கு, "எனக்கு எழுத வராது" என்று வந்தவள், "எனக்குத் தெரிந்ததை நானே வெளியே எடுத்துவிட்டேன்" என்று சொல்லிக்கொண்டு போனாள். இரண்டுக்கும் நடுவில் நிறைய தூரம் இருக்கிறது.

அமர்வின் கடைசி இருபது நிமிடம், அதே தலைப்பில் ஒரு பக்கம் கையால் எழுதச் சொன்னேன். இதைத் தேர்வு மாதிரி செய்யக் கூடாது. நான் எழுந்து போய் என் மேஜையில் வேறு வேலை பார்த்தேன். எழுதி முடித்ததும் கட்டுரையோடு சேர்த்துவைத்துப் பார்த்தோம். இங்கே ஒரு எச்சரிக்கை. கையெழுத்துப் பிரதி எப்போதும் கரடுமுரடாகத்தான் இருக்கும். "பார், இது எவ்வளவு மோசம், அது எவ்வளவு நன்றாக இருக்கிறது" என்று யாராவது ஒப்பிட்டால் அவள் தொலைந்தாள். மேல்பூச்சைப் பார்க்காமல் யோசனை போகும் வழியைப் பார்க்க வேண்டும். அவள் எப்போதும் காரணத்தை முதலில் வைத்துவிட்டு விஷயத்தைப் பின்னால் சொல்வாள். கட்டுரையிலும் அதேதான். நர்ஸிங் கலைச்சொற்களைத் தடுமாறாமல் சரியான இடத்தில் போட்டிருந்தாள். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சின்னச் சொற்களை அதே மாதிரி இடங்களில் விட்டிருந்தாள்.

பழைய எழுத்தும் உதவும். சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30. அதற்கு முன்னால் தேதியோடு இருக்கும் எதுவும் தங்கம். எங்கள் மாணவியிடம் 2022 வசந்தத்தில் பள்ளிக்கு எழுதிய ஒரு கட்டுரை ஈமெயிலில் கிடந்தது. "முக்கியப் பங்கு வகிக்கிறது" அதிலும் மூன்று முறை! வெர்ஷன் வரலாறு இல்லாத மாணவர்களுக்கு இப்படிப்பட்டவைதான் கை கொடுக்கும்: வகுப்பிலேயே எழுதிய பழைய விடைத்தாள், வகுப்பு விவாதப் பக்கத்தில் அவசரமாகப் போட்ட பதில், நூலகத்தில் எடுத்த கட்டுரைகளின் டவுன்லோடு தேதி, ஓரத்தில் பென்சிலால் கிறுக்கிய அச்சுப் பிரதி, தோழிக்கு "இந்த ஆதாரம் கிடைக்கவே இல்லை" என்று அனுப்பிய மெசேஜ்.

மூன்றாவது அமர்வு, சந்திப்புக்கு முந்தின நாள். பேராசிரியரிடம் கொடுக்க ஒரு பக்கக் குறிப்பை அவளே எழுதி எடுத்துவந்திருந்தாள். முதல் அரைப் பக்கம் டிடெக்டர்கள் எவ்வளவு மோசம் என்று. ஆராய்ச்சிகள், பல்கலைக்கழகங்கள், எல்லாம் கோபத்தோடு. அதைச் சேர்ந்து படித்துவிட்டு, "இதில் உன் கட்டுரை எங்கே வருகிறது?" என்று கேட்டேன். எட்டாவது வரியில் வந்தது. பேராசிரியர் அந்த மென்பொருளைத் தயாரித்தவர் இல்லை. அவரோடு அதைப் பற்றி வாதாடினால், வாதம் மென்பொருளைப் பற்றியே முடிந்துபோகும், அவளைப் பற்றிப் பேச நேரமிருக்காது. அரைப் பக்கம் ஒரே வரியாகச் சுருங்கியது. மீதியில் எந்தத் தேதியில் என்ன செய்தாள், அதற்கு எது சாட்சி என்று வந்தது. அதற்கடுத்து கிராமர்லி விஷயம், நேராக: எந்த இரண்டு பத்தி, என்றைக்கு, மாற்றுவதற்கு முன்னால் அவளுடைய சொந்த வாக்கியம் எப்படி இருந்தது. கடைசியில், எந்தப் பத்தியைப் பற்றியும் இப்போதே பேசத் தயார், வேண்டுமென்றால் இதே தலைப்பில் உங்கள் முன்னாலேயே எழுதுகிறேன் என்று. அந்தக் கடைசி வரியை எழுத நான் சொல்லவில்லை. இரண்டாவது அமர்வு அவளுக்குக் கொடுத்த தைரியம் அது.

பிறகு ஒத்திகை. நான் பேராசிரியர். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன், நாளைக்கு முதல்முறையாகக் கேட்டுத் திணறுவதைவிட இன்றைக்குத் திணறட்டும் என்று. "இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கட்டுரையிலிருந்து ஒன்றை எடுத்துக் கேட்டபோது தடுமாறினாள். கிராமர்லி போட்ட வார்த்தை அது. "இது என் வார்த்தை இல்லை, நான் எழுதியிருந்தது இது" என்று சொல்லலாமா என்று கேட்டாள். தாராளமாகச் சொல்லலாம் என்றேன். மனப்பாடம் செய்த பதிலை மட்டும் தவிர்க்கச் சொன்னேன். பதற்றத்தில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடும், பார்க்கிறவருக்கு அதுவே சந்தேகம் கிளப்பும். யோசிக்க ஒரு நிமிடம் கேட்கலாம், கட்டுரையைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன்.

நடைமுறையில் ஒரு சின்ன விஷயம். கூகுள் டாக்ஸில் பார்வையாளர் அனுமதி மட்டும் உள்ளவருக்கு வெர்ஷன் வரலாறு தெரியாது. எடிட்டர் அனுமதி வேண்டும். லிங்க் அனுப்பிவிட்டேன் என்று நம்பிக்கொண்டு போய், அங்கே அவருக்கு ஒன்றுமே தெரியாமல் விழித்தவர்கள் உண்டு. தன் லேப்டாப்பையே கொண்டுபோய்த் திறந்து காட்டுவது நல்லது.

உங்களிடம் சாட்சிக் கடிதம் கேட்பாள், எல்லோரும் கேட்பார்கள். "இவள்தான் எழுதினாள்" என்று நாம் எழுத முடியாது. எழுதும்போது நாம் பக்கத்தில் இல்லை. அவள் எந்தத் தேதிகளில் வந்தாள், எதைப் பற்றி வேலை செய்தோம் என்பதை, அவள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் சென்டர் உறுதி செய்யலாம். அதற்கு மேல் போனால் நாளைக்கு இன்னொரு மாணவருக்கு நாம் கடிதம் கொடுக்காதது அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

சரி, நிஜமாகவே ஏஐ எழுதிக்கொடுத்த கட்டுரையோடு ஒருவர் வந்தால்? வருவார்கள். இரண்டாவது அமர்வுப் பேச்சில் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அழித்த வரி என்று அவர்களிடம் ஒன்றும் இருக்காது. வரைவுகளை இப்போது உட்கார்ந்து உருவாக்க மட்டும் உதவாதீர்கள், தேதி காட்டிக்கொடுத்துவிடும். ஒப்புக்கொண்டு, மறுபடி எழுத வாய்ப்பு கேட்கும் கடிதத்துக்கு உதவலாம். அந்த மறு எழுத்துக்கும் இதே மாதிரி பேச்சிலிருந்து தொடங்கலாம்.

எங்கள் மாணவியின் சந்திப்பு நாற்பது நிமிடம் நடந்தது. பேராசிரியர் பெரும்பாலான நேரம் அந்தப் பாட்டியைப் பற்றித்தான் கேட்டாராம். கட்டுரையை அவளுடையதாக ஏற்றுக்கொண்டார். கிராமர்லி மாற்றிய இரண்டு பத்திகளையும் மறுபடி எழுதச் சொல்லி, அந்த அசைன்மென்ட்டில் கொஞ்சம் மதிப்பெண் குறைத்தார். அவளுக்கு அது நியாயமாகவே பட்டது.

ஆனால் வேலை அங்கே முடியவில்லை. இதை நிறைய ட்யூட்டர்கள் கவனிப்பதில்லை. வழக்கு முடிந்து மூன்று வாரம் கழித்து அடுத்த கட்டுரைக்கு வந்தாள். ஒரு பத்தி எழுதுவாள், அதை எடுத்து ஏதோ ஒரு இலவச டிடெக்டரில் போடுவாள், எண் அதிகமாக வந்தால் வேண்டுமென்றே ஒரு பிழையைச் சேர்ப்பாள். நல்ல வாக்கியங்களை உடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு மனசே கேட்கவில்லை. நன்றாக எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு மாணவி கற்றுக்கொள்வதைவிட எங்கள் வேலைக்குப் பெரிய தோல்வி கிடையாது.

டிடெக்டரை விடு என்று சொன்னால் விடமாட்டாள், பயம் அப்படி. அதனால் அந்த இடத்தில் வேறொன்றை வைத்தோம். கட்டுரை தொடங்குவதற்கு முன்னாலேயே, ஒரு வரிகூட இல்லாமல் வரச் சொன்னேன். முதல் இருபது நிமிடம் பேச்சு மட்டும். அவளே தன் போனில் பதிவு செய்துகொள்வாள். நான் டைப் செய்து கொடுப்பதில்லை, செய்தால் அது என் வாக்கியமாகிவிடும். வீட்டுக்குப் போய் அந்தப் பதிவைக் கேட்டு, முதல் வரியிலிருந்தே ஒரே கூகுள் டாக்கில் எழுதுவாள், அசிங்கமாக இருந்தாலும் அங்கேயே. ஒவ்வொரு முறை மூடும்போதும் அடியில் இரண்டு வரி: இன்றைக்கு என்ன மாற்றினேன், ஏன். யார் கேட்டாலும் காட்ட ஒரு பதிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, டிடெக்டரில் போட்டுப் பார்ப்பது மூன்றாவது வாரத்தில் தானாகக் குறைந்தது.

நம்பிக்கை திரும்பிவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், அவள் "இப்போது பரவாயில்லை" என்று சொல்வதை வைத்து நான் முடிவு செய்வதில்லை. செமஸ்டர் முடிகிற நேரத்தில், வலி மருந்து பற்றிய ஒரு கட்டுரையில் ஒரு நோயாளி அம்மாவைப் பற்றி நீளமான வாக்கியம் ஒன்று இருந்தது. இரண்டாகப் பிரித்தால் படிக்க எளிதாக இருக்குமே என்றேன். அவள் அதை ஒரு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தாள். "வேண்டாம். அந்த அம்மா ராத்திரி முழுக்கக் காத்திருந்தார். இந்த வாக்கியமும் கொஞ்சம் காத்திருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டாள்.